டோபிரமேட்டிலிருந்து எரெனுமாப் ஊசிக்கு மாறி இரண்டு வருடம்

எனக்கு மாதத்தில் 14 நாள் மைக்ரேன் இருந்தது. ப்ரோப்ரனோலால், அமிட்ரிப்டிலின், அப்புறம் டோபிரமேட் என்று வரிசையாகப் பார்த்தாயிற்று. முதலாவது இதய நோய்க்கு, இரண்டாவது மனச்சோர்வுக்கு, மூன்றாவது வலிப்புக்கு வந்த மருந்து. மைக்ரேனையும் குறைக்கிறது என்று பின்னால் தெரிந்ததால் நமக்கும் தருகிறார்கள்.

டோபிரமேட்டை 25 மில்லிகிராமில் தொடங்கி, வாரம் 25 கூட்டி, 100 வரை போனேன். தலைவலி 14 நாளிலிருந்து 10 ஆனது, ஆனால் வார்த்தைகள் போய்விட்டன. ஒருநாள் கையில் கரண்டியை வைத்துக்கொண்டு 'அதை எடு, அது, அது' என்று மகளிடம் கேட்டபடி நின்றேன். எனக்கு வேண்டியது மூடி, அந்தச் சொல் மட்டும் வரவே இல்லை. விரல் நுனியில் எறும்பு ஊர்வது போன்ற மதமதப்பு வேறு. எட்டாவது மாதம் நிறுத்திவிட்டேன்.

எரெனுமாப் அப்படி வேறு நோயிலிருந்து வந்ததல்ல. மைக்ரேன் வரும்போது முக உணர்வைக் கடத்தும் நரம்பின் முனைகளிலிருந்து சி.ஜி.ஆர்.பி என்ற சிறு புரதம் வெளியாகி, மூளையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்களை விரித்து, வலிச் செய்தியையும் கடத்துகிறது. அது போய் ஒட்டும் ஏற்பியை இந்த ஊசி அடைத்துவிடுகிறது. ஃப்ரெமனெஸுமாப், கல்கனெஸுமாப் போன்றவை அந்தப் புரதத்தையே பிடித்துக்கொள்ளும். எல்லாமே பெரிய மூலக்கூறுகள், மூளைக்குள் மிகக் கொஞ்சமே போகும், அதனால்தான் டோபிரமேட் தந்த மந்தம் இதில் இல்லை என்று மருத்துவர் விளக்கினார். ஜெர்மனியில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில், பக்கவிளைவால் நிறுத்தியவர்கள் டோபிரமேட்டில் நூற்றுக்கு 39 பேர், எரெனுமாபில் 11 பேர்.

டோஸை மெல்ல ஏற்றும் வேலையும் இல்லை. 28 நாளுக்கு ஒருமுறை தொடையில் ஊசிப் பேனாவை அழுத்திப் பிடித்தால் 15 விநாடியில் அதிலுள்ள சின்ன ஜன்னல் மஞ்சளாகும், முடிந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள், சில்லென்று போட்டால் எரிச்சல் அதிகம். என் டைரியில் முதல் மாதம் 12 நாள், இரண்டாவது 8, மூன்றாவது 6. முதல் மாதத்தைப் பார்த்து விட்டிருந்தால் தப்பாகியிருக்கும், மூன்று மாதமாவது பார்க்க வேண்டும்.

இதிலும் தொல்லை உண்டு. சி.ஜி.ஆர்.பி குடலிலும் வேலை செய்கிறது, அதை அடைத்ததில் எனக்கு மலச்சிக்கல் கடுமையாக வந்தது, நான்காவது நாளும் போகாமல் வயிறு கல்லாகக் கிடந்தது. மலமிளக்கியோடுதான் சமாளித்தேன், இன்றும் விடவில்லை. ரத்த அழுத்தமும் ஏறலாம் என்பதால் வீட்டிலேயே அளக்கிறேன். மாத்திரையைப் போல இன்று நிறுத்தினால் சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடாது, பாதி குறையவே சுமார் 28 நாள் ஆகும், முழுதாக நீங்க ஐந்து மாதம். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் ஊசியைத் தொடங்கும் முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

ஒரு வருடம் முடிந்து மருத்துவர் சொன்னபடி இடைவெளி விட்டேன். முதல் இரண்டு மாதம் நன்றாகவே இருந்தது, மருந்து இன்னும் உள்ளே இருந்ததால்தான் என்று புரியவில்லை. மூன்றாவது மாதம் 11 நாள். டைரியை எடுத்துப் போய்க் காட்டி மறுபடி தொடங்கினேன், இப்போது 5 அல்லது 6 நாளில் நிற்கிறது.