பாரசீகம்: களிமண் ஏடுகளிலும் ஏதென்ஸ் மேடையிலும்

பாரசீகப் பேரரசர் முதலாம் டேரியஸ் காலத்தில் அவரது அரச நகரான பெர்செபோலிஸில் எழுதப்பட்ட களிமண் ஏடுகள், பெரும்பாலும் பாரசீகருக்கு முன்பே அப்பகுதியில் வழங்கிய எலாமிய மொழியில் எழுதப்பட்ட வெறும் பண்டகசாலைக் கணக்குகளே. ஆயினும் அரசரின் தெய்வமான அகுரமஸ்தாவைக் காட்டிலும் எலாமியத் தெய்வமான கும்பனின் வழிபாட்டுக்கே அரசுக் களஞ்சியத்திலிருந்து அதிகத் தானியம் வழங்கப்பட்டதை அவை காட்டுகின்றன. கப்பமும் பணிவும் தவறாதவரை குடிகளின் தெய்வமும் மொழியும் தலையீடின்றி விடப்பட்டன. இதை அன்பு என்பதைவிட ஆட்சிக் கணக்கு என்பதே பொருந்தும்.

அக்கணக்கின் மறுபக்கத்தையே கிரேக்கர் கண்டனர். பாரசீக ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த கிரேக்க நகரமான மிலேட்டஸ் கி.மு. 494இல் வீழ்ந்தது, கி.மு. 480இல் டேரியஸின் மகன் செர்க்சீஸின் படை ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றிலிருந்த கோயில்களை எரித்தது. எட்டே ஆண்டுகளில், மாரத்தானில் பாரசீகரை எதிர்த்துப் போரிட்ட ஏதென்ஸ் நாடகாசிரியர் எஸ்கிலஸ் ‘பாரசீகர்கள்’ நாடகத்தை அரங்கேற்றினார். அதில் எவருக்கும் அடிமையல்லாத ஏதென்ஸ் மக்களுக்கு எதிரே, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒற்றை மன்னன் நிறுத்தப்படுகிறான். தோற்றவரின் துயரம் பரிவோடு பேசப்பட்டாலும், பிற்காலத்தவர் மனத்தில் நிலைத்தது அந்த எதிர்நிலைதான்.