வண்டித்தட வழக்கில் ஒரு சாட்சி: வாக்குமூலத்தை எந்த வழியில் தயாரிப்பது?

தாராபுரம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். ஆடு மேய்ப்பவர், வயது ஐம்பத்தைந்துக்கு மேல். பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டு, நான் அவருக்கு வக்கீலாக நடத்தும் வண்டித்தட வழக்கில் சாட்சி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கென்னுங்க தெரியும், ரெண்டு பேரும் வேண்டியவங்க" என்றார். வாதி அவருக்குப் பங்காளி முறை, பிரதிவாதி அண்ணன் முறை. எழுதிக் கொடுக்கப் பயம், கோர்ட்டில் நிற்கப் பயம், எல்லாவற்றையும்விட ஊர்வாய்க்குப் பயம்.

2002 ஜூலை 1-க்குப் பிறகு சிவில் வழக்குகளில் சாட்சியின் முதல் விசாரணையைப் பெரும்பாலும் வாய்மொழியாகக் கேட்பதில்லை. புரூஃப் அஃபிடவிட் என்ற பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்கிறோம். சாட்சி கூண்டேறி "இது நான் கொடுத்ததுதான், கையெழுத்து என்னுடையதுதான்" என்பார். உடனே குறுக்கு விசாரணை தொடங்கிவிடும். ஆகவே அந்தக் காகிதத்தை எப்படித் தயாரித்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் பக்கம் நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. நான்கையும் இந்த அக்காவின் விஷயத்தில் வைத்துப் பார்க்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வழக்கு இதுதான். பிரதிவாதியின் காட்டு ஓரமாக ஒரு தடம் போகிறது. அதில் வண்டி ஓட்டித்தான் வாதி தன் தோட்டத்துக்குப் போய்வருகிறார். கிரயப் பத்திரத்தில் "மாமூல் வண்டித்தட பாத்தியம்" என்ற வரி இல்லை. அதனால் நீண்ட காலம் அனுபவித்ததைக் காட்டித்தான் உரிமை கேட்க முடியும். 1882-ஆம் ஆண்டு வழியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, வெளிப்படையாக, அமைதியாக, உரிமையோடு, தடையில்லாமல் 20 ஆண்டு அனுபவித்திருக்க வேண்டும். அந்த 20 ஆண்டும் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் வந்து முடிய வேண்டும். வழக்குப் போட்டது 2023. அப்படியானால் 2001-க்குச் சற்று முன்பிருந்தே கண்ணால் பார்த்த ஒருவர் கிடைத்தால் போதும்.

முதல் வழி, அதிகம் பேர் செய்வது: பிராதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே வரிகளை "நான்" என்று மாற்றி எழுதி, சாட்சிக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது. அரை மணி நேர வேலை. இந்த வழக்கிலும் எனக்கு முன்பே யாரோ ஒரு வரைவு எழுதி வைத்திருந்தார்கள். "1985-ஆம் ஆண்டு முதல் வாதி மேற்படி 12 அடி அகல வண்டித்தடத்தை இடைவிடாமலும் யாருடைய ஆட்சேபணையும் இன்றியும் அனுபவித்து வருவது எனக்கு நன்றாகத் தெரியும்." ஒரே வாக்கியத்தில் மூன்று பள்ளம். அக்காவிடம் வாசித்துக் காட்டினேன், "சரிங்க" என்றார். தயங்குகிற மனிதர் வக்கீல் முன்னால் வேறென்ன சொல்வார்? அந்தச் "சரிங்க"வை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வதுதான் இந்த வழியின் ஆபத்து.

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர். போனில் பதிவு செய்து, பேசியதை அப்படியே எழுதுவது. இதில் பொய் கலக்க வாய்ப்புக் குறைவு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அக்கா பேசியது முன்னும் பின்னுமாக இருந்தது. ஆட்டுக்குட்டி செத்த கதையிலிருந்து தடத்துக்கு வந்தார், அங்கிருந்து மாமியாருக்குப் போனார், அப்புறம் "அந்தப் பையன் ஆளு செரியில்லீங்க" என்றார். மாமியார் சொன்னது செவிவழிச் செய்தி. வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும், அதாவது பார்த்ததைப் பார்த்தவரே சொல்ல வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 60-ஆம் பிரிவு சொன்னதையே, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 55-ஆம் பிரிவு சொல்கிறது. தகராறுக்குக் காரணம் ஊர்ப் பொதுவான இட்டேரி என்றால் கதை வேறு. தகராறு கிளம்புவதற்கு முன்பே, விவரம் தெரிந்த இறந்துபோன பெரியவர் பொது உரிமையைப் பற்றிச் சொல்லிவைத்தது விதிவிலக்காக உள்ளே வரலாம். இது தனியார் தடம், ஆகவே மாமியார் வர முடியாது. ஆளைப் பற்றிய அபிப்பிராயமும் நிற்காது. இரண்டையும் விட்டுவிட்டால் மிச்சமிருப்பது காலவரிசை இல்லாத துண்டுகள்.

மூன்றாவது வழியைத்தான் நான் எடுத்தேன். முதல் நாள் அவரைப் பேசவிட்டுக் குறிப்பு மட்டும் எடுப்பது, பிராதை மேசையிலேயே வைக்காமல் இருப்பது. இரண்டாம் நாள் ஆமாம், இல்லை என்று பதில் வராத கேள்விகளாகக் கேட்டுத் துண்டுகளை வரிசைப்படுத்துவது. கூடவே ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "பார்த்தது, கேட்டது, நினைப்பது" என்று எனக்காகக் குறித்துக்கொள்வது. பார்த்தது மட்டும் காகிதத்துக்குப் போகும்.

வருடத்தை எடுத்துக்கொள்வோம். "எப்ப இருந்துங்கக்கா அந்தத் தடத்தைப் பாக்கறீங்க?" என்று கேட்டேன். "கண்ணாலமாயி வந்த நாள்ல இருந்துங்க." கல்யாணம் எப்போது? "எம்ஜிஆர் செத்த மறு தைங்க." எம்ஜிஆர் இறந்தது 1987 டிசம்பர் 24. மறு தை என்றால் மூன்று வாரத்தில் வந்த 1988 தையா, அடுத்த 1989 தையா? நான் ஒரு வருடத்தை எடுத்துக் கொடுத்தால் அதற்கும் "சரிங்க" என்றுதான் சொல்வார். அதனால், "கல்யாணத்தப்ப ஊர்ல வேற என்ன நடந்துச்சுங்க?" என்று மட்டும் கேட்டேன். சித்த நேரம் யோசித்தார். "ஓட்டு நேரமுங்க. செவுத்துல எல்லாம் சேவல் வரைஞ்சிருந்துச்சு, ரெட்டைப்புறாவும் இருந்துச்சு." அதிமுக இரண்டாகப் பிரிந்து ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்ற சட்டமன்றத் தேர்தல் 1989 ஜனவரி 21-இல் நடந்தது. ஆக, 1989 தை. மூத்த பையனின் பிறப்புச் சான்றிதழில் 1990 நவம்பர் இருந்தது, அதுவும் பொருந்தியது.

முதல் வரைவில் இருந்த 1985-ஐ இப்போது பாருங்கள். அப்போது அக்கா வேறு ஊரில் சிறுபெண். குறுக்கு விசாரணையில் "உங்களுக்கு எந்த வருஷம் கல்யாணம்?" என்ற ஒரு கேள்வி போதும், மொத்தச் சாட்சியமும் சரிந்துவிடும். தேவையே இல்லாத நான்கு வருடத்துக்காக, சட்டம் கேட்பதைவிட அதிகமாகக் கையில் இருக்கிற 34 வருடத்தைப் பலிகொடுத்திருப்போம். வாக்குமூலத்தில் வருடத்தோடு அது நினைவிருக்கும் காரணத்தையும் எழுதினேன்: "சட்டமன்றத் தேர்தல் சமயத்தில், 1989 தை மாதம், எனக்குத் திருமணமாகி இந்த ஊருக்கு வந்தேன்."

12 அடி பற்றி நீட்ட வேண்டியதில்லை. அவர் அளந்ததில்லை. "ஒரு வண்டி தாராளமாப் போகும், எதுக்க இன்னொன்னு வந்தா ஒதுங்க முடியாது" என்றார். அதையே எழுதினேன். அடிக்கணக்கை, சர்வேயரோடு போய்ப் பார்க்கும் வக்கீல் கமிஷனரின் அறிக்கை சொல்லட்டும்.

"ஆட்சேபணையின்றி" என்ற சொல்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இரண்டாம் நாள் முடிவில் அக்கா குரலைத் தாழ்த்தி, "ஒன்னு சொல்லட்டுங்களா, ஒரு வருசம் முள்ளு வெட்டிப் போட்டுட்டாங்க" என்றார். அதைச் சொன்னால் பங்காளி தோற்றுவிடுவார் என்ற பயத்தில் இரண்டு நாளும் மறைத்திருக்கிறார். எந்த வருடம்? பையன் பத்தாவது பரீட்சை எழுதிய வருடம். வேலான் முள் கிடந்ததால் அவன் சைக்கிளை இட்டேரி வழியாகச் சுற்றி ஓட்டிப்போனான். 1990-இல் பிறந்தவன், 2006 மார்ச்சில் எழுதியிருக்கிறான். எத்தனை நாள் கிடந்தது? மாசியில் போட்டார்கள், சித்திரை நோம்பிக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம்.

முதல் வழியில் போகும் வக்கீல் இதை அமுக்கிவிடுவார். எதிர்த்தரப்புக்கு முள் போட்டது தெரியாமலா இருக்கும்? போட்டவர்களே அவர்கள்தானே. உண்மையில் 15-ஆம் பிரிவின் விளக்கமே, தடையைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு வருடம் அடங்கிப் போயிருந்தால்தான் அது இடையூறு என்கிறது. இரண்டு மாதத்தில் முள் விலகி வண்டி மறுபடி ஓடியதால் 20 வருடக் கணக்கு அறுபடாது. மறைத்திருந்தால்தான் கேடு.

ஆனால் முள்ளை ஏன் எடுத்தார்கள் என்பது அவருக்கு நேரடியாகத் தெரியாது. பெரியவர்கள் பேசி முடித்ததாகக் கேள்விப்பட்டதோடு சரி. அந்தப் பேச்சில் "போய்க்கட்டும், நான் உத்தரவு தர்றேன்" என்று பிரதிவாதியின் ஐயன் சொல்லியிருந்தால், அனுபவம் உரிமையாக இல்லாமல் அனுமதியாகிவிடும், வழக்கு பலவீனமாகும். அதை அக்கா வாயிலிருந்து ஊகிக்க வைக்கக் கூடாது. "2006 மாசியில் தடத்தில் முள் கிடந்ததைப் பார்த்தேன். சித்திரையில் அது இல்லை. அதன்பின் வண்டி போய்வந்ததைப் பார்த்தேன்" என்று நிறுத்தினேன். "யாருடைய அனுமதியும் இன்றி" என்று ஒட்டச் சொன்னார் கட்சிக்காரர், மறுத்துவிட்டேன். பேச்சில் உட்கார்ந்திருந்தவர் உயிரோடு இருந்தால் அவரைச் சாட்சியாகக் கூப்பிடலாம், பாதகமாகவும் சொல்லக்கூடும் என்று தெரிந்தேதான் கூப்பிட வேண்டும் என்றும் அவரிடம் சொன்னேன்.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதினேன். கீழ்க் கோர்ட்டில் தமிழ் செல்லும். ஆங்கிலத்தில் எழுதி "படித்துக் காட்டித் தமிழில் விளக்கப்பட்டது" என்று கீழே குறித்தால், அந்த விளக்கத்தைப் பற்றியே பத்துக் கேள்வி வரும். வாசித்துக் காட்டியபோது அக்கா ஓரிடத்தில் நிறுத்தி, "வேலின்னு போட்டிருக்கீங்க, அங்க படலுங்க இருந்துச்சு" என்றார். "சரிங்க" மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர் திருத்த ஆரம்பித்ததும்தான், அது அவருடைய வாக்குமூலம் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. "வக்கீல் ஆபீசுக்குப் போனியான்னு கேட்டா என்னுங்க சொல்றது?" என்றார். போனேன் என்று சொல்லுங்கள், போனது தப்பில்லை என்றேன். பயத்தில் இதை மறுத்துவிட்டு மாட்டிக்கொள்கிற சாட்சிகள் நிறையப் பேர்.

எல்லாம் முடிந்த பிறகும் அவர் கையெழுத்துப் போடத் தயங்கினார். சொன்னதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. "நானா போயி எழுதிக் குடுத்தேன்னு ஊர்ல ஆயிருமுங்க" என்பதுதான் தயக்கம். நான்காவது வழி அப்போதுதான் கை கொடுத்தது: பிரமாண வாக்குமூலமே போடாமல், கோர்ட் மூலம் சம்மன் அனுப்பிக் கூண்டில் நேரடியாக முதல் விசாரணை செய்வது. 2002-இல் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு இடம் கொடுத்தது. சம்மனில் வரும் சாட்சிக்கு, பிரமாண வாக்குமூலம் கொடுக்கிறாரா, நேரில் சொல்கிறாரா என்று தேர்ந்தெடுக்க கோர்ட் வாய்ப்புத் தரலாம். "கோர்ட்டு கூப்பிட்டுச்சு, போனேன்" என்று அண்ணன் முறைக்காரரிடம் அவர் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம்.

இந்த வழிக்கு விலை உண்டு. வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகளை, அதாவது எழுவினாக்களை, கோர்ட் வரைந்த 15 நாளுக்குள் கொடுக்கும் சாட்சிப் பட்டியலில் அவர் பெயர் இருக்க வேண்டும், சாட்சிப் படி கட்ட வேண்டும். கூண்டில் நான் பதிலை எடுத்துக் கொடுக்கும்படி கேள்வி கேட்க முடியாது, அவர் திகைத்து நின்றால் நின்றதுதான். அதனால் மூன்றாவது வழியின் இரண்டு நாள் உழைப்பு இதற்கும் வேண்டும். தாளாகத் தாக்கலாக வேண்டியது என் கேள்விகளின் வரிசையாக மாறுகிறது, அவ்வளவுதான். கல்யாணம், தடம், பையன் பரீட்சை, முள், மறுபடி வண்டி.

ஊர்ப் பயம் இல்லாத சாட்சி என்றால் மூன்றாவதோடு நின்றிருப்பேன். இந்த அக்காவுக்குச் சம்மன் மனு எழுதினேன். முதல் வரைவைக் கிழித்துப் போட்டாயிற்று.