வாசலில் 5ஜி, அறைக்குள் 4ஜி

இந்த முறை ஊருக்குப் போனபோது, அமெரிக்காவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போனையே கொண்டு போயிருந்தேன். ஜியோ சிம்மைப் போட்டதும் 5ஜி வந்துவிட்டது, வேகமும் குறையில்லை. ஆனால் உள்ளறைக்குப் போனால் 4ஜிக்கு இறங்கிவிடும். அதே அறையில், அதே நிறுவன சிம் போட்ட அக்கா மகன் போனில் 5ஜி அசையாமல் நின்றது. முதலில் சிம்மைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தோம். சிக்கல் என் போனோடுதான் இருந்தது.

பல ஆண்ட்ராய்டு போன்களில் `*#*#4636#*#*` என்று அடித்தால் இணைப்பு விவரம் திறக்கும். அதில், போன் எந்த 5ஜி அலைவரிசையில் இருக்கிறது என்று காட்டும் NRARFCN என்ற ஆறு இலக்க எண்ணைப் பாருங்கள். 62 முதல் 65 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால் 3500 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அதாவது n78 என்ற அலைவரிசை பேண்ட். 15-இல் தொடங்கினால் 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது n28. வாசலில் இரண்டு போனிலும் 63-இல் தொடங்கியது. உள்ளே அவன் போனில் 15 ஆனது. என் போனில் அந்த எண்ணே காணவில்லை.

n78 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் தளர்ந்துவிடும். n28 அவ்வளவு வேகம் தராது, உள்ளே நன்றாக நுழையும். இந்தியாவில் 2022 அலைக்கற்றை ஏலத்தில் 700-ஐ எடுத்தது ஜியோ மட்டும்தான். அதனால் வேறு சிம் போட்டிருந்தால் இந்த வித்தியாசமே தெரிந்திருக்காது. என் போனில் n28 இல்லை என்பதை அன்றைக்குத்தான் தயாரிப்பாளர் தளத்தில் பார்த்தேன். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஏமாந்துபோவோம். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வெவ்வேறு மாடல் எண் இருக்கும், பேண்ட் பட்டியலும் மாறும். செட்டிங்ஸில் உள்ள மாடல் எண்ணைக் கொண்டு தேட வேண்டும். n77 இருந்தால் n78-உம் உண்டு என்று நினைக்காதீர்கள். அலைவரிசை ஒன்றுக்குள் ஒன்று அடங்கினாலும், பட்டியலில் n78 தனியாக எழுதியிருக்க வேண்டும்.

பேண்ட் இருந்தும் வராமல் போவதுண்டு. ஐபோன்களில் வன்பொருள் தயாராக இருந்தும், இந்தியாவில் 5ஜி 2022 டிசம்பரில் iOS 16.2 வந்த பிறகுதான் திறந்தது. அதனால் அப்டேட்டையும் பார்த்துவிடுவது நல்லது.

“மாமா, அப்போ நான் அங்க வந்தா என் போன் என்னாகும்?” என்றான் மருமகன். மேற்படிப்புக்கு அமெரிக்கா போகிறவன். அவன் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினோம். n41, n77 இரண்டும் இருந்தன. அங்கே டி-மொபைல் தூரத்துக்கும் கட்டடத்துக்குள்ளும் பயன்படுத்தும் 600 மெகாஹெர்ட்ஸ், அதாவது n71, இல்லை. என் கதைதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. போனை மாற்றாமல், அங்கே போய் எந்த நிறுவன சிம் வாங்குவது என்பதை மட்டும் இதை வைத்து முடிவு செய்யப் போகிறான்.