ஷீட்டா, ரெடிமேட் கருவியா, பிக்குவெரியா: போன மாத எண் மாறும்போது எது தாங்கும்?

எங்கள் குடோன் அம்பத்தூரில். சத்துமாவும் பொடி வகைகளும் ஆன்லைனில் விற்கிறோம். திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் எப்போதும் ஒரே சண்டைதான். ஒரு விளம்பரத் தளம் "போன மாதம் 14 லட்சம் விற்பனை என்னால்தான்" என்று காட்டும். இன்னொன்று 9 லட்சத்துக்கு உரிமை கொண்டாடும். கூட்டினால் 23 லட்சம். கணக்குப் பார்க்கும் அக்காவின் புத்தகத்திலோ மொத்த விற்பனையே 18 லட்சம். ஒரே வாடிக்கையாளர் இரண்டு விளம்பரத்தையும் பார்த்திருப்பார், இரண்டு தளமும் அவரைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

அதனால் யாரால் வந்தது என்ற பஞ்சாயத்தை விட்டுவிட்டு, மொத்த விற்பனையை மொத்த விளம்பரச் செலவால் வகுக்கும் எம்.இ.ஆர். என்ற ஒரு எண்ணையும், ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவு எத்தனை மாதத்தில் திரும்புகிறது என்ற இன்னொரு எண்ணையும் ஒரே டாஷ்போர்டில் வைக்க முடிவு செய்தோம். வழிகள் மூன்று இருந்தன: கூகுள் ஷீட்டோடு, எண்களை டாஷ்போர்டாகக் காட்டும் லுக்கர் ஸ்டுடியோ; மாதச் சந்தாவில் கிடைக்கும் ரெடிமேட் கருவி; கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரியோடு அதே லுக்கர் ஸ்டுடியோ. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரெடிமேட் கருவியை 14 நாள் இலவசத்தில் மட்டும்தான் பார்த்தேன், அதற்கு மேல் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதியில்லை. அரை நாளில் எல்லாம் இணைந்துவிட்டது, பார்க்கவும் அழகு. ஆனால் கேஷ் ஆன் டெலிவரியில் திரும்பி வரும் பார்சலை அது விற்பனையாகவே எண்ணியது, அந்தச் சூத்திரத்தை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை. முன்பணம் மட்டும் வாங்கும் கடையென்றால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

ஷீட்டில்தான் நாங்களும் ஆரம்பித்தோம். சின்னக் கடைக்கு அது போதும் என்று இன்றும் சொல்வேன். ஒரு பொறி மட்டும் உண்டு. லுக்கர் ஸ்டுடியோவில் விற்பனை ஷீட்டையும் செலவு ஷீட்டையும் தேதியை வைத்து இணைக்கும்போது, விற்பனைப் பக்கம் ஊர்ப் பெயரையும் சேர்த்துவிட்டால், அன்றைய செலவு ஒவ்வொரு ஊருக்கும் ஒருமுறை திரும்ப வரும். சென்னை, மதுரை, கோவை என்று மூன்று வரி இருந்தால் செலவு மூன்று மடங்கு. எம்.இ.ஆர். திடீரென்று 1.3 என்று காட்டியபோதுதான் எனக்கு இது தெரிந்தது.

ஷீட்டை விட்டதற்கு உண்மையான காரணம் அதுவல்ல. எங்கள் தொழிலில் போன மாத எண் இந்த மாதம் மாறும். ஆர்.டி.ஓ. என்றால் மற்றவர்களுக்கு லைசென்ஸ் ஆபீஸ் ஞாபகம் வரும், எங்களுக்கு வாங்காமல் திரும்பி வரும் பார்சல். ஜனவரி 28-ம் தேதி ஆர்டரான டப்பா பிப்ரவரி நடுவில்தான் குடோனுக்குத் திரும்பும். அதை ஆர்டரான மாதத்திலேயே கழிக்கிறோம், அதுதான் சரி. ஆனால் அப்படிக் கழித்தால் ஏற்கெனவே மீட்டிங்கில் சொன்ன எண் பொய்யாகிவிடும்.

எங்கள் ஒரு ஜனவரியைப் பார்ப்போம். விளம்பரச் செலவு 4.5 லட்சம். ஏஜென்சி கட்டணம் இதில் சேர்த்தி. விளம்பரத்துக்குக் கட்டும் 18% ஜி.எஸ்.டி. சேராது, அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். பிப்ரவரி 5 அன்று நிகர விற்பனை 18.9 லட்சம், எம்.இ.ஆர். 4.2. புது வாடிக்கையாளர் 650, ஆளைப் பிடிக்க ஆன செலவு 692 ரூபாய். பார்சல்கள் திரும்பிய பின், மார்ச் 5 அன்று அதே ஜனவரிக்கு விற்பனை 18 லட்சம், எம்.இ.ஆர். 4. முதல் ஆர்டரையே வாங்காமல் திருப்பி அனுப்பியவர் வாடிக்கையாளரே இல்லை என்பதால் 650 பேர் 600 ஆனார்கள், ஆளுக்கு 750 ரூபாய் ஆனது. "போன தடவை 692-னு சொன்னீங்களே?" என்று சார் கேட்டால், பழைய எண்ணையும் எடுத்துக் காட்டத் தெரிய வேண்டும்.

ஷீட்டில் இதற்கு மாதாமாதம் மதிப்புகளை மட்டும் காப்பி செய்து தனித் தாளில் ஒட்ட வேண்டும். இரண்டு மாதம் ஒட்டினேன். மூன்றாம் மாதம் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டு மறந்துவிட்டேன். பிக்குவெரியில் 5-ம் தேதி தானாக ஓடும் ஒரு குவெரி, அன்றைய நிலையைத் தேதியோடு இன்னொரு டேபிளில் சேர்த்துவிடுகிறது. டாஷ்போர்டில் இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், மாதம் முடிந்து 30 நாள் ஆகும்வரை "தற்காலிகம்" என்று ஒரு குறிப்போடு. சூத்திரமும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது:

```sql
SELECT month,
  SAFE_DIVIDE(SUM(net_revenue), SUM(spend)) AS mer,
  SAFE_DIVIDE(SUM(spend), SUM(new_customers)) AS cac
FROM report.daily
GROUP BY month
```

இதில் cac என்பது ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவு. கூட்டிவிட்டு வகுப்பதைக் கவனியுங்கள். நாள்வாரியாக வகுத்து அதற்குச் சராசரி எடுத்தால், செலவே செய்யாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதத்தையே கெடுத்துவிடும்.

பணம் திரும்பும் காலத்துக்கும் இதே இடம்தான் உதவியது. முதல் ஆர்டரில் பொருள், பேக்கிங், கூரியர் எல்லாம் போக 385 ரூபாய் மிஞ்சுகிறது. ஷீட்டில் நான் 750-ஐ 385-ஆல் வகுத்து "இரண்டே மாதம்" என்று எழுதியிருந்தேன். எல்லோரும் மாதாமாதம் வாங்கினால்தான் அது உண்மை. அந்த 600 பேரை மட்டும் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஆளுக்குச் சேர்ந்த லாபம் அடுத்த மாதம் 505, பிறகு 605, 690, நான்காம் மாதம் 765. அதாவது போட்ட 750 நான்காம் மாதத்தில்தான் கைக்கு வந்தது. இந்த வேகத்தை எல்லா மாதத்துக்கும் பொருத்த மாட்டேன். எங்களிடம் இருப்பது எட்டு மாத வரலாறு, தீபாவளியில் வந்தவர்கள் திரும்ப வாங்கும் விதம் வேறு மாதிரி இருக்கிறது.

பிக்குவெரியிலும் வலி உண்டு. மாதம் 10 ஜிபி சேமிப்பும் 1 டிபி குவெரியும் இலவசம், எங்களுக்கு அதுவே அதிகம். ஆனால் பில்லிங் இணைக்காத, சாண்ட்பாக்ஸ் என்ற இலவச நிலையில் டேபிள்கள் 60 நாளில் அழிந்துவிடும். வரலாற்றைச் சேர்க்க வந்த இடத்தில் வரலாறே போய்விடும், முதல் நாளே கார்டைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், குவெரி எழுதும் மொழியான எஸ்.க்யூ.எல். தெரிந்த ஒருவர் வேண்டும். நான் லீவில் போனால் வேறு யாரும் தொட முடியாது என்பது இன்னும் தீராத குறைதான்.

ஒருமுறை ஒரு விளம்பரத் தளத்திலிருந்து செலவுக் கணக்கை எடுக்க அனுமதி தரும் டோக்கன் காலாவதியாகி, நான்கு நாள் அதன் செலவு வரவே இல்லை. எம்.இ.ஆர். 7-ஐத் தொட்டது. சார் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்துவிட்டார். இப்போது எந்தத் தளத்திலிருந்தாவது நேற்றைய வரி வராவிட்டால் எம்.இ.ஆர். கட்டம் காலியாக நிற்கும்.

எந்த விளம்பரத்தை நிறுத்துவது என்பதற்கு மட்டும் இந்த டாஷ்போர்டு பதில் சொல்லாது, அதற்கு இன்னும் தளங்களின் திரையைத்தான் பார்க்கிறோம். நந்தம்பாக்கத்தில் கண்காட்சிக்கு ஸ்டால் போட்ட வாடகையும் அங்கே ரொக்கமாக விற்றதும் இப்போதைக்குத் தனி வரியில் கிடக்கின்றன. அதை மொத்தத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று அக்காவுக்கும் எனக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.