ஆர்ஓஈயை மூன்றாக உடைத்துப் பார்த்த எட்டு வருடம்

எட்டு வருடமாக, நான் பங்கு வைத்திருக்கும் கம்பனிகளின் ஆண்டறிக்கை வந்ததும் ஒரு கொப்பியில் நாலு எண்ணைத்தான் எழுதுகிறேன்: விற்பனை, தேறிய இலாபம், மொத்தச் சொத்து, கடன்கள் போகப் பங்குதாரருக்கு மிஞ்சும் உரிமையாண்மை. இலாபத்தை விற்பனையால் வகுத்தால் இலாப வீதம், விற்பனையைச் சொத்தால் வகுத்தால் புரள்வு, சொத்தை உரிமையாண்மையால் வகுத்தால் நெம்புதிறன். மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் ஆர்ஓஈ, அதாவது பங்குதாரரின் பணம் வருடத்துக்கு எத்தனை சதவீதம் உழைத்தது என்பது.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் சரக்கு மெதுவாகப் போகும், திருநெல்வேலிச் சந்தை மரக்கறி அன்றன்றே போய்விடும். இரண்டு பேரும் ஒரே ஆர்ஓஈ எடுக்கலாம், ஆனால் வழி வேறு: ஒருவருக்கு இலாப வீதம், மற்றவருக்குப் புரள்வு.

இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு கம்பனி. முதலில் விற்பனை 1,000 மில்லியன், இலாபம் 80, சொத்து 800, உரிமையாண்மை 500. அதாவது 8% × 1.25 × 1.6, ஆர்ஓஈ 16%. இலாபம் முழுவதையும் பங்கிலாபமாகக் கொடுத்துவிட்டுக் கடனில் வளர்ந்தார்கள். 2022 மார்ச் அறிக்கையில் விற்பனை 1,500, இலாபம் 90, சொத்து 1,500, உரிமையாண்மை அதே 500. ஆர்ஓஈ 18% என்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன், அப்புறம் உடைத்தேன்: 6% × 1.0 × 3.0. இலாப வீதமும் புரள்வும் இறங்கியிருக்க, ஆர்ஓஈயைத் தூக்கிப் பிடித்தது நெம்புதிறன் ஒன்றுதான்.

குறிப்புகளைப் புரட்டினால் 800 மில்லியன் வங்கிக் கடன், அதுவும் மாறும் வட்டியில். 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. அந்த ஏற்றம் அப்படியே கடனுக்கு வந்தால் வருடத்துக்கு 56 மில்லியன் கூடுதல் வட்டி. வரிக்கு முந்திய இலாபம் 120 இல் இருந்து 64 ஆகும், 25% வரி போக 48. ஆர்ஓஈ 9.6%. இதில் கவனிக்க வேண்டியது, நெம்புதிறன் 3.0 இலேயே நிற்கும். அடி விழுவது இலாப வீதத்தில், 6% இல் இருந்து 3.2% ஆக. கடனின் விலை அந்த எண்ணுக்குள் ஒளிந்திருப்பதால், வீதம் இறங்கினால் வியாபாரம்தான் கெட்டது என்று உடனே முடிவெடுக்கக் கூடாது. நான் வட்டிக்கு முந்திய இலாபத்தையும் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன்.

இந்த முறை என்னை ஏமாற்றிய இடமும் உண்டு. இன்னொரு கம்பனியின் ஆர்ஓஈ ஒரே வருடத்தில் 15% இல் இருந்து 8.3% ஆனது, பயந்து பாதிப் பங்கை விற்றுவிட்டேன். உண்மையில் 1,000 மில்லியன் விற்பனையும் 75 மில்லியன் இலாபமும் அப்படியேதான் இருந்தன. காணியை மறுமதிப்பீடு செய்ததில் சொத்து 1,000 இல் இருந்து 1,400 ஆகவும் உரிமையாண்மை 500 இல் இருந்து 900 ஆகவும் ஏறியிருந்தது. இலாப வீதம் அசையாமல், புரள்வும் நெம்புதிறனும் ஒன்றாக இறங்கினால் முதலில் மறுமதிப்பீட்டு ஒதுக்கத்தைத் தேடுங்கள். நான் இப்போது அதைச் சொத்து, உரிமையாண்மை இரண்டிலும் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுகிறேன், அந்த வரிக்கு நேரே பென்சிலால் ‘காணி’ என்று எழுதிவைத்து.