பிஓ-வில் உள்ள வட்டியா, சட்டத்தில் உள்ள வட்டியா?

கோவையில் சின்ன சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறேன். 2024-ல் ஒரு பெரிய கம்பெனியில் என்னுடைய 5 லட்சம் ரூபாய் பில் மாட்டிக்கொண்டது. வட்டி கேட்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, அவர்கள் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டரில், அதாவது பிஓ-விலேயே இருந்த நிபந்தனை: 90 நாள் கடன், தாண்டினால் 12 சதவீதத் தனிவட்டி. இன்னொன்று, 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம். நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

பிஓ வழியில் பேச்சு சுலபம். அவர்கள் எழுதியதை அவர்களிடமே காட்டுகிறோம். பணியாவிட்டால் கோர்ட்டுக்கோ ஆர்பிட்ரேஷனுக்கோ போக வேண்டும். அந்தப் படி நான் ஏறியதில்லை, அதனால் செலவு பற்றிச் சொல்லமாட்டேன்.

சட்டத்தின்படி, பிஓ-வில் 90 நாள் என்று இருந்தாலும் 45 நாள்தான் உச்சம். அப்புறம் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. அப்போது பேங்க் ரேட் 6.75, ஆக 20.25 சதவீதம். சரக்கு ஏற்கப்பட்டது ஜனவரி 10. சட்டக் கணக்கில் கெடு பிப்ரவரி 24-ல் முடிந்தது. அக்டோபர் 24 வரை எட்டு மாத வட்டி சுமார் 71,600 ரூபாய். பிஓ கணக்கில் ஏப்ரல் 9-க்கு மேல்தான் வட்டி ஓடும், அது சுமார் 32,500.

ஆனால் தொகையை விடவும் வழக்கைத் தீர்மானிப்பது அந்த ஜனவரி 10. சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், டெலிவரி நாளே ஏற்ற நாள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுதிவிட்டால், நாம் குறையைச் சரிசெய்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். என் விஷயத்தில் மே மாதம்தான் துளையின் ‘போர் சைஸ் தவறு’ என்று மெயில் வந்தது. அது 15 நாள் தாண்டி வந்தது என்று காட்ட டெலிவரி தேதி வேண்டும். ஆனால் டெலிவரி சலானின் பின்பக்கம் வாட்ச்மேன் குத்திய நீல சீலில் தேதி பாதி அழிந்திருந்தது. நல்லவேளை, சரக்கு வந்ததற்கு அவர்களே போட்ட ரசீதான ஜிஆர்என் நகல் கையில் இருந்தது. அன்றிலிருந்து சலானை கேட்டிலேயே போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டேன்.

நோட்டீஸில் பிஓ நிபந்தனையை மறைக்காதீர்கள். ‘கட்டண நிபந்தனை 90 நாள், பிரிவு 15-ன்படி அது 45 ஆகிறது, வட்டி பிரிவு 16-ன்படி’ என்று சேர்த்தே எழுதுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் கவுன்சிலுக்கு மனு போட்ட பிறகு, அவர்கள் அசலையும் வட்டியில் பாதியையும் கொடுத்தார்கள். நான் ஒத்துக்கொண்டேன், அடுத்த ஆர்டர் வேண்டுமே.

வாங்கி விற்கும் வியாபாரிக்கு, அரசின் எம்எஸ்எம்இ பதிவான உத்யம் இருந்தாலும் இந்தச் சலுகை இல்லை. நடுத்தர நிறுவனங்களுக்கும் இல்லை. சப்ளைக்குப் பிறகு உத்யம் எடுத்தவர்களுக்கு வாதம் இழுபடும். இவர்களுக்கெல்லாம் பிஓ-வின் 12 சதவீதம்தான் கைப்பிடி. அந்த வரியே இல்லாத பிஓ என்றால், கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு வாங்குங்கள்.