குளத்து வேலை முடிந்ததும் அனுப்பும் நன்றிச் செய்தி: மூன்று வடிவங்கள், ஓர் அலசல்

வன்னியில் 200 ஏக்கர் வரை நீர் பாயும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை. அவற்றின் திருத்த வேலையைப் பல இடங்களில் கமக்காரர் அமைப்பே பொறுப்பெடுத்துச் செய்கிறது. காலபோக மழை இறங்குவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. முடிந்த அன்று இரவே வட்ஸ்அப் குழுவில் நன்றிச் செய்தி ஒன்று வரும். பெரும்பாலும் அமைப்பின் செயலாளர்தான் எழுதுவார். அவர் எழுதக்கூடிய மூன்று வடிவங்களை ஒரே வேலைக்கு எழுதிப் பார்த்து ஒப்பிடுகிறோம்.

ஒப்பிடுவதற்கு ஒரு மாதிரிக் குளத்தை வைத்துக்கொள்வோம். குளக்கட்டு 400 மீற்றர், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசு ஒன்று, மிகுந்த நீர் வழிந்தோடும் வான் ஒன்று, 900 மீற்றர் வாய்க்கால். கட்டு முழுவதும் உயர்த்தி இறுக்கியாயிற்று. வெளிச்சரிவில் 300 மீற்றருக்குப் புல் பதித்தாயிற்று. மிச்சம் 100 மீற்றருக்குள் மழை வந்துவிட்டது. துருசுக்குப் புதுக் கதவு பொருத்தியாயிற்று. வானின் உடைந்த பக்கச்சுவரைக் கட்டியாயிற்று. வாய்க்காலில் 600 மீற்றர் துப்புரவு முடிந்திருக்கிறது.

முதல் வடிவம் எல்லோருக்கும் பழக்கமானது:

"எமது குளத்தின் புனரமைப்பு வேலை வெற்றிகரமாக நிறைவுற்றது. இரவு பகல் பாராது உழைத்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றிகள்."

இரண்டு நிமிடத்தில் எழுதலாம், ஒருவர் பெயரும் விடுபடாது. ஆனால் இதில் ஒரு பொய் இருக்கிறது. 300 மீற்றர் வாய்க்காலும் 100 மீற்றர் புல்லும் கிடக்கும்போது வேலை நிறைவுறவில்லை. அந்த வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவர் இதை வாசித்தால், மற்ற வரிகளையும் நம்பமாட்டார். இன்னொரு சிக்கல் காசு சம்பந்தமானது. ஒப்பந்தப்படி தடுத்துவைத்த தொகையை விடுவிப்பது பற்றிப் பிறகு பேச்சு வரும்போது, "நிறைவுற்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்" என்று இந்தச் செய்தியை யாரும் காட்டலாம். வேலை நிறைவுச் சான்றிதழ் வேறு, நன்றிச் செய்தி வேறு. என்றாலும் எழுத்தில் இருப்பது எழுத்தில் இருப்பதுதான்.

இரண்டாவது வடிவம் பெயர்ப் பட்டியல்:

"கமநல சேவை நிலைய அலுவலர்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தர், அமைப்பின் தலைவர், பொருளாளர், மேசன்மார், பெக்கோ சாரதி, உழவு இயந்திரச் சாரதிகள், சிரமதானத்துக்கு வந்த உறவுகள் அனைவருக்கும் நன்றி."

இது மேடைப் பேச்சின் ஒழுங்கு. பதவி மேலே, கூலி கீழே. யார் என்ன செய்தார் என்பது இதில் இல்லை. ஆகவே வாசிப்பவர் தன் பெயர் எத்தனையாவது என்றுதான் தேடுவார். பெயர் விடுபட்டால் மனத்தாங்கல், முன்பின் ஆனாலும் மனத்தாங்கல். முதல் வடிவத்தைவிட இதற்கு உழைப்புக் கூட, பலனோ குறைவு. ஆண்டறிக்கைக்கு இது சரி. வேலை செய்த ஆட்களுக்கு இது போதாது.

மூன்றாவது வடிவம் வேலையின் ஒழுங்கில் போகிறது. பெயர் வரவேண்டிய இடங்களில் இங்கே பொறுப்பைப் போட்டிருக்கிறோம்:

"வணக்கம். குளத்து வேலையில் இன்றுவரை முடிந்தவை இவை.
கட்டு 400 மீற்றரும் முடிந்தது. மண் போட முன்னம் மரவேர்களைக் கிண்டி எடுத்தவர்கள் கிழக்குப் பக்கத்துக் குடும்பங்கள். ஒவ்வோர் அடுக்கும் காயாமல் தண்ணீர் அடித்தவர் பவுசர் ஓட்டிய அண்ணை. மட்டம் பிடித்ததும், கல் கூடிய ஒரு லோட் கிரவலைத் திருப்பி அனுப்பியதும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஐயா.
வெளிச்சரிவில் 300 மீற்றர் புல்லை அக்காமார் ஆறு பேர் பதித்தார்கள். 100 மீற்றர் மழையால் நின்றிருக்கிறது.
துருசுக் கதவை மேசன் அண்ணையும் அவருடைய உதவியாளர் தம்பியும் பொருத்தினார்கள். தண்ணீர் ஏறிய பிறகுதான் கசிவு பார்க்கலாம்.
வானின் பக்கச்சுவரும் அவர்கள் இருவரின் வேலைதான்.
வாய்க்கால் 600 மீற்றர் சிரமதானத்தில் முடிந்தது. 300 மீற்றர் பாக்கி.
இவ்வளவையும் செய்து தந்த உங்களுக்கு நன்றி."

நாங்கள் தேர்வது இதைத்தான். முதல் காரணம், குளத்து வேலையில் முக்கியமானவை பல மண்ணுக்குள் மறைந்துவிடுகின்றன. முடிந்த கட்டில் ஏறிப் பார்த்தால் கிரவல்தான் தெரியும். வேரை விட்டு மண்ணைப் போட்டிருந்தால் அது உக்கி, நீர் ஊடுருவ வழி திறந்திருக்கும். மண்ணைச் சுமார் 6 அங்குல அடுக்குகளாகப் போட்டு, அளவாக நனைத்துத்தான் உருளை ஓட்ட வேண்டும். காய்ந்த மண் எத்தனை தரம் ஓட்டினாலும் இறுகாது. வேர் கிண்டியவரையும் பவுசர்காரரையும் எழுத்தில் வைக்காவிட்டால், அடுத்த மாரியில் கட்டு ஏன் நின்றது என்பது யாருக்கும் நினைவில் இருக்காது.

அடுத்தது, அறிந்த அளவுக்கு மேல் எதையும் சொல்லாதது. துருசில் "கசிவு நின்றது" என்று எழுதப் பலருக்கும் கை போகும். குளம் வெறுமையாக இருக்கும்போது அதை யாரும் அறிய முடியாது. பொருத்தியது உண்மை, அந்த வரி அதோடு நிற்கிறது. அதேபோல, வேலை செய்தவரையும் மேற்பார்த்தவரையும் கலக்கக்கூடாது. பக்கச்சுவரைத் தலைவர் "கட்டித் தந்தார்" என்று எழுதினால், சாந்து குழைத்த தம்பிக்கு அந்தச் செய்தி நன்றியாகவே இராது.

பாக்கி வேலையைச் சொல்லும் வரியில் ஆள் வரக்கூடாது. "மழையால் நின்றிருக்கிறது" போதும். யார் வரவில்லை, யார் பிந்தினார் என்பது கூட்டத்தில் பேசும் விஷயம். நன்றிக்குள் அதைச் செருகினால் நன்றியும் கெடும், கணக்கும் தீராது.

இந்த வடிவத்துக்கு நேரம் வேண்டும் என்பது மெய். நினைவை நம்பி எழுதினால் கடைசி வாரத்தில் நின்றவர்கள்தான் வருவார்கள். முதல் வாரம் காடு வெட்டியவர்கள் போய்விடுவார்கள். வேலைத்தல நாட்பதிவையும் வருகைப் பதிவேட்டையும் முதல் நாளிலிருந்து புரட்டிப் பெயரை எடுங்கள். நீளத்தை அளவீட்டுப் புத்தகத்தில் இருந்து எடுங்கள், மதிப்பீட்டில் இருந்து அல்ல. மதிப்பீட்டில் வாய்க்கால் 900 மீற்றர் என்றுதான் இருக்கும். எழுதியதை அனுப்ப முன்னர் மேசனிடமும் சிரமதானத்துக்கு ஆள் கூட்டியவரிடமும் காட்டுங்கள். விடுபட்ட பெயரை அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். ஆட்கள் இருபதுக்கு மேல் என்றால் ஒவ்வொரு வேலைக்கும் குழுவின் பெயரை மட்டும் செய்தியில் போட்டு, முழுப் பெயர்களைத் தனித்தாளில் இணைக்கலாம்.

எதில் அனுப்புவது என்பதில் பெரிய போட்டி இல்லை. குரல் செய்தி வயதானவர்களுக்கு வசதி, ஆனால் பிறகு தேடி எடுக்கக் கடினம். எழுத்தே முதன்மையாக இருக்கட்டும். புல் பதித்த அக்காமார் பலர் அந்தக் குழுவில் இருக்கமாட்டார்கள் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. ஒரு தாளில் அச்சடித்துக் கமநல சேவை நிலைய அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். அமைப்பின் அடுத்த கூட்டத்தில் அதையே வாசியுங்கள்.

குளத்தில் தண்ணீர் ஏறிய பிறகு இரண்டு வரியில் இன்னொரு செய்தி வேண்டும். துருசு கசியவில்லை என்றால், மேசன் அண்ணையின் பெயரோடு அதை எழுத வேண்டிய நாள் அதுதான். கசிந்தால் முதலில் அவரிடம் நேரில் சொல்லுங்கள், குழுவில் அல்ல.